அரை நிமிடத் தமிழ்: ஒரு மரச்சாமான் பட்டறையின் வானொலி விளம்பரம்

சில ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் குடியிருப்புப் பேட்டையில் மரச்சாமான் பட்டறை நடத்தும் ஒருவர் ஒரு தாளைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். சோபா, கட்டில், அலமாரி ஆகியவற்றை அளவெடுத்துச் செய்வதும் பழையவற்றைப் பழுதுபார்ப்பதும் அவருடைய தொழில். வானொலியில் 30 வினாடி விளம்பரம் ஒன்றுக்கு இடம் வாங்கியிருந்தார். அதற்கான வாசகத்தை உயர்நிலைப்பள்ளியில் படிக்கும் அவருடைய மகள் எழுதியிருந்தாள். பிழை இருந்தால் திருத்தித் தரவேண்டும் என்பதே அவர் என்னிடம் கேட்டது. தாளில் இருந்தது இது:

“வாடிக்கையாளர்களே! உங்கள் இல்லங்களுக்குத் தேவையான தரமான அறைகலன்கள், உங்கள் விருப்பத்திற்கேற்ற அளவுகளில் எங்கள் பட்டறையில் வடிவமைத்துத் தரப்படும். பழுதடைந்த சோபாக்களுக்குப் புதிய உறைகள் மாற்றித் தரப்படும். ஓராண்டு உத்தரவாதம் அளிக்கப்படும். மேல்விவரங்களுக்கு எங்களைத் தொடர்புகொள்ளுங்கள்.”

இதன் கீழே பட்டறையின் பெயரும் முகவரியும் எட்டு இலக்கத் தொலைபேசி எண்ணும் இருந்தன. இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. பள்ளிக் கட்டுரை என்றால் நான் நல்ல மதிப்பெண் கொடுத்திருப்பேன். ஆயினும் விளம்பரம் காதுக்கு உரியது. ஆகவே அவருடைய வீட்டிற்குச் சென்றபோது, சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்த அவருடைய தாயாரின் காதில் விழும்படி அதை ஒருமுறை வாசிக்கச் சொன்னேன். வாசித்து முடித்ததும், “என்ன விளம்பரம்மா இது?” என்று கேட்டேன். அந்த அம்மையார் சற்று யோசித்துவிட்டு, “ஏதோ தொறப்பு விழாவா?” என்றார்.

அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் இவ்வுரை தொடங்குகிறது. அவர் தமிழ் அறியாதவர் அல்லர். நாள் முழுவதும் தமிழிலேயே பேசுகிறவர். அப்படியிருந்தும் பிழையற்ற தமிழ் வாசகம் ஒன்று அவரிடம் போய்ச் சேரவில்லை. அதைப் பேச்சுத் தமிழில் மாற்றலாம் என்று நான் சொன்னபோது பட்டறைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. “நல்ல தமிழ்ல போட்டாத்தான் சார் கடைக்கு மரியாதை, கொச்சையா பேசுனா நம்மள என்ன நெனைப்பாங்க?” என்றார். அவருடைய அச்சம் மதிக்கத்தக்கது. அதற்கு விடைசொல்ல வேண்டுமானால், பேச்சுத் தமிழ் என்பது எழுத்துத் தமிழின் சிதைவா அல்லது தனக்கென விதிகளைக் கொண்ட வழக்கா என்பதை அந்தத் தாளில் இருந்த சொற்களைக் கொண்டே காட்டியாக வேண்டும்.

காது எவ்வளவு தாங்கும்?

முதலில் நேரக் கணக்கைப் பார்ப்போம். விளம்பரம் எழுதுவோர் பலர் சொற்களை எண்ணுகிறார்கள். தமிழில் அது ஏமாற்றும் கணக்கு. நம் மொழியில் உருபுகளும் இடைச்சொற்களும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் ஒரு சொல் இரண்டு அசையாகவும் இருக்கலாம், எட்டு அசையாகவும் இருக்கலாம். இங்கே அசை என்று நான் குறிப்பது யாப்பிலக்கணத்தின் நேரசையையும் நிரையசையையும் அன்று. ஓர் உயிரொலியை மையமாகக் கொண்டு ஒரே முயற்சியில் ஒலிக்கும் கூறு ஒவ்வொன்றையும் ஓர் அசை எனக் கொள்கிறேன். ‘கட்டில்’ என்பதில் ‘கட்’, ‘டில்’ என இரண்டு அசைகள் உள்ளன.

அவசரப்படாமல் பேசினால் வினாடிக்கு ஏறத்தாழ ஐந்து அசை என்று கொள்ளலாம். அப்படியானால் 30 வினாடிக்கு 150 அசை. குரல் மாறும் இடங்களிலும் தொடர் முடியும் இடங்களிலும் விடவேண்டிய இடைவெளியைக் கழித்தால் கையில் எஞ்சுவது 135 அசையளவு. அதுவே நம்முடைய முழு முதல்.

மாணவி எழுதிய வாசகத்தில் முதல் தொடர் மட்டும் 55 அசை; அதாவது பதினொரு வினாடி. நேரம் செலவாவதைக் காட்டிலும் பெரிய இடர் ஒன்று அதில் உள்ளது. தமிழில் வினைமுற்று தொடரின் இறுதியில் வருகிறது. ‘தரப்படும்’ என்ற சொல் காதில் விழும்வரை, அதற்கு முன் வந்த பன்னிரண்டு சொற்களையும் கேட்பவர் முடிவு தெரியாமல் மனத்தில் சுமந்துகொண்டிருக்க வேண்டும். தாளில் படிப்பவர் கண்ணைத் திருப்பி மீண்டும் தொடக்கத்திற்குப் போகலாம். வானொலி கேட்பவருக்கு அந்த வழி இல்லை. அரிசி களைந்த அம்மையாரிடம் எஞ்சியவை ‘வாடிக்கையாளர்களே’ என்ற விளியும் ‘தரப்படும், தரப்படும், அளிக்கப்படும்’ என்ற ஓசையுமே. அந்த ஓசை அவருக்கு விழா அறிவிப்பை நினைவூட்டியதில் வியப்பில்லை.

ஆகவே வினைமுற்றுகள் நெருக்கமாக வரவேண்டும். ஒரு வினைமுற்றுக்கும் அடுத்ததற்கும் இடையே பதினைந்து முதல் இருபது அசைக்கு மேல் போகாமல் இருந்தால், சுமையை அவ்வப்போது இறக்கிவைத்துவிட்டுக் கேட்பவர் தொடர்ந்து வருவார்.

விகுதியை மட்டும் மாற்றினால் போதுமா?

அடுத்த முறை அந்த மாணவியே ஒரு திருத்தம் செய்து கொண்டுவந்தாள். “உங்க இல்லங்களுக்குத் தேவையான தரமான அறைகலன்கள், உங்க விருப்பத்துக்கு ஏத்த அளவுகள்ல எங்க பட்டறைல வடிவமைச்சுத் தரப்படும்ங்க” என்று அது தொடங்கியது. ‘உங்கள்’ என்பது ‘உங்க’ ஆயிற்று; ‘அமைத்து’ என்பது ‘அமைச்சு’ ஆயிற்று; இறுதியில் மரியாதைக்காக ஒரு ‘ங்க’. ஆனால் அதை உரக்கப் படித்தவுடன் அவளே சிரித்துவிட்டாள். தமிழர் எவரும் இப்படிப் பேசுவதில்லை என்பது அவள் காதுக்குத் தெரிந்தது. ஏன் என்பதுதான் தெரியவில்லை.

காரணம், இரு வழக்குகளும் சொல்லின் கடைசியில் மட்டும் வேறுபடுவதில்லை. தொடரைக் கட்டும் முறையிலேயே வேறுபடுகின்றன. அந்த ஒரு வரியிலேயே இதற்கு மூன்று சான்றுகள் இருக்கின்றன.

முதலாவது, ‘தரப்படும்’ என்ற செயப்பாட்டு வினை. எழுத்துத் தமிழில் இது மிகுதியாக வழங்குகிறது. இயல்பான பேச்சிலோ ‘படு’ சேர்ந்த செயப்பாட்டு வினை ஏறக்குறைய இல்லை எனலாம். பேசுகிறவர் செய்பவரை முன்னிறுத்திச் ‘செஞ்சு தர்றோம்’ என்பார். செய்பவர் முக்கியமில்லை என்றால் பொதுவாகச் ‘செஞ்சு தருவாங்க’ என்பார். ஆகவே ‘தரப்படும்ங்க’ என்பது அலுவலக அறிவிப்புக்கு வீட்டுச் சட்டை போட்டது போல் ஆகிறது.

இரண்டாவது, ‘இல்லங்கள்’, ‘அறைகலன்கள்’, ‘அளவுகள்’ ஆகியவற்றின் பன்மை விகுதி. பேச்சில் அஃறிணைப் பெயருக்கு இவ்விகுதி கட்டாயமில்லை. ‘நாலு நாற்காலி வாங்குனேன்’ என்றே சொல்கிறோம். எண்ணிக்கையை ‘நாலு’ என்பதே காட்டிவிடுகிறது. பொதுவாகக் கட்டில் செய்பவரைப் பற்றிப் பேசும்போது ‘கட்டில் செய்வாரு’ என்பதே போதும்.

மூன்றாவது, பெயருக்கு முன்னே அடுக்கப்படும் அடைகள். ‘உங்கள் விருப்பத்திற்கேற்ற அளவுகளில்’ என்பதைப் பேச்சுத் தமிழ் ஓர் அடையாகச் சொல்வதில்லை, ஒரு செயலாகச் சொல்கிறது. தச்சர் வருகிறார், அளவெடுக்கிறார், செய்கிறார். ‘அளவெடுத்துச் செஞ்சு தர்றோம்’ என்று வினையெச்சங்களை நடக்கும் வரிசையிலேயே கோத்துச் சொன்னால் பொருள் முழுவதும் வந்துவிடுகிறது. ‘விருப்பத்திற்கேற்ற அளவுகளில்’ என்பதற்கு மட்டும் 11 அசை வேண்டும். ‘அளவெடுத்து’ என்பதற்கு 5 போதும். ‘வடிவமைத்துத் தருகிறோம்’ 9 அசை. ‘செஞ்சு தர்றோம்’ 4.

இத்துடன் இரண்டாம் வேற்றுமை உருபு குறித்து ஒரு நுட்பத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வணிகத்தின் பொருளையே அது மாற்றிவிடும். ‘சோபா செஞ்சு தர்றோம்’ என்றால் இனிமேல் செய்யப்போகும் ஏதோ ஒரு சோபா. ‘சோபாவைச் சரிபண்ணித் தர்றோம்’ என்றால் உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் அந்தச் சோபா. எழுத்திலும் இவ்வேறுபாடு உண்டு என்றாலும் பேச்சில் அது மிகக் கூர்மையானது. புதிதாகச் செய்வது, பழையதைத் திருத்துவது என அந்தப் பட்டறைக்குத் தொழில் இரண்டு. உருபு இடம் மாறினால் ஒரு தொழில் காதில் விழாமலே போய்விடும்.

கொச்சை அன்று, விதி

பட்டறைக்காரரின் அச்சத்திற்கு இப்போது வருவோம். ‘பிரித்து’ என்பதைப் ‘பிரிச்சு’ என்பது நாக்குச் சோம்பலா? சோம்பல் என்றால் ‘எடுத்து’ என்பதும் ‘எடுச்சு’ ஆகியிருக்க வேண்டும். தமிழ்க் குழந்தைகூட அப்படிச் சொல்வதில்லை. இகரத்தையோ ஐகாரத்தையோ அடுத்து வரும் வினையெச்சத்துத் தகர இரட்டை மட்டுமே சகர இரட்டையாகிறது: பிரித்து என்பது பிரிச்சு, அடித்து என்பது அடிச்சு, வைத்து என்பது வச்சு. உகரத்தை அடுத்து வந்தால் மாறுவதில்லை: எடுத்து, குடுத்து. இகரத்தையும் ஐகாரத்தையும் ஒலிக்கும்போது நாக்கு அண்ணத்தை நோக்கி முன்னே எழுகிறது. அடுத்து வரும் தகரத்தையும் அது அண்ணத்திற்கு இழுத்துக்கொள்கிறது. அதுபோலவே றகர இரட்டை தகர இரட்டையாகிறது: மாற்றி என்பது மாத்தி, நூற்று என்பது நூத்தி. எந்த இடத்தில் மாறும், எந்த இடத்தில் மாறாது என்று வரையறுத்துச் சொல்ல முடிவதை நாம் விதி என்கிறோம், சிதைவு என்பதில்லை.

கொச்சை என்று சொல்லத்தக்கதும் உண்டு, அது வேறு. ஒரு வட்டாரத்திற்கோ குழுவிற்கோ மட்டும் உரிய வடிவம் பொது அவையில் கேட்பவரை விலக்கிவிடும். ‘எடுத்துக்கினு’ என்றால் சென்னைத் தெருவொன்று கண்முன் வரும். ‘எங்கிட்டு’ என்றால் தென்பாண்டிப் பக்கம் நினைவுக்கு வரும். ‘எடுத்துட்டு’, ‘எங்க’ என்பவை எந்த ஊர்க்காரரையும் சுட்டாமல் எல்லோருக்கும் பொருந்துகின்றன. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த குடும்பங்கள் ஒரே புளோக்கில் வாழும் சிங்கப்பூரில் இப்பொதுப் பேச்சுத் தமிழ் தானாகவே வேரூன்றியிருக்கிறது. 2005ஆம் ஆண்டில் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த மறுஆய்வுக் குழு பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடமளிக்கப் பரிந்துரைத்தபோதும் கருதப்பட்டது இந்தப் பொது வழக்கே ஆகும்.

பேசுவதை எவ்வளவு எழுதுவது?

பேச்சுத் தமிழை எழுதப் புகுவோர் இன்னொரு பக்கமும் சறுக்குவதுண்டு. காதில் விழும் ஒவ்வோர் ஒலியையும் எழுத்தில் பிடிக்க முயல்கிறார்கள். ‘விலை’ என்பதை நாம் பெரும்பாலும் ‘வெல’ என்றே ஒலிக்கிறோம். ‘இடம்’ என்பதை ‘எடம்’ என்கிறோம். ‘மரம்’ என்பதன் இறுதி மகரம் முழுதாக ஒலிப்பதில்லை. முன்னுள்ள உயிர் மூக்கொலியாக மாறி நின்றுவிடுகிறது. ‘கட்டில்’ என்பதன் இறுதியில் மெல்லிய உகரம் ஒன்று சேர்ந்துகொள்கிறது. இவற்றையெல்லாம் ஒலித்தபடியே எழுதினால் அறிவிப்பாளர் எழுத்துக்கூட்டிப் படிக்க நேரும், குரல் தடுமாறும்.

நான் பின்பற்றிய அளவுகோல் எளிது. எழுத்துத் தமிழில் எழுதினாலும் தமிழ் பேசுபவரின் வாய் தானே பேச்சொலிக்கு மாற்றிக்கொள்ளும் என்றால் அந்தச் சொல்லைத் தொடவேண்டாம். ‘விலை’, ‘மரம்’, ‘கட்டில்’ அப்படியே இருக்கட்டும். எழுதியபடி படித்தால் செய்தியறிக்கைபோல் ஒலிக்கும் என்றால் அதை மாற்றவேண்டும். ‘தருகிறோம்’ என்று எழுதிவிட்டுத் ‘தர்றோம்’ என்று படிக்கும்படி அறிவிப்பாளரிடம் எதிர்பார்க்க முடியாது. ஏனென்றால் இங்கே கால இடைநிலையே வடிவம் மாறியிருக்கிறது. பேச்சுத் தமிழுக்கு நிலைத்த எழுத்துமுறை இல்லாததால், ‘மாத்தினோம்’ என்றோ ‘மாத்துனோம்’ என்றோ ஒன்றைத் தேர்ந்து வாசகம் முழுவதிலும் அதையே எழுதவேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

யார் யாரிடம் பேசுகிறார்?

எழுத்துத் தமிழுக்குப் பேசுபவர் முகம் தேவையில்லை. அறிவிப்பு என்பதே போதும். பேச்சுத் தமிழோ வாயைத் திறந்தவுடனே இருவருக்கு இடையிலான உறவைச் சொல்லிவிடுகிறது. ‘வாடிக்கையாளர்களே’ என்று எவரும் எவரையும் கூப்பிடுவதில்லை. ஆகவே விளம்பரத்தை அக்கம்பக்கத்துப் பெண்கள் இருவரின் உரையாடலாக அமைத்தோம். இளையவர் மூத்தவரை எப்படி அழைப்பார் என்பது அடுத்த கேள்வி. நம் ஊரில் ‘ஆன்ட்டி’ என்பது பெருவழக்கு. ஆனால் ‘ஆன்ட்டி’ என்றால் ஒரு தலைமுறை இடைவெளி வந்துவிடுகிறது. ஒருவர் மற்றவரிடம் வீட்டுச் சாமானைப் பற்றி யோசனை கேட்கும் நெருக்கத்திற்கு ‘அக்கா’ பொருந்தியது. மூத்தவர் பதிலுக்குச் சொல்லும் ‘ம்மா’ என்ற ஒற்றை அசை அந்த உறவை முழுமையாக்கிவிடுகிறது. பட்டறைக்காரரைக் குறிக்கும் வினைகள் ‘எடுப்பாங்க’, ‘குடுப்பாங்க’ எனப் பலர்பாலில் வருகின்றன. அவர் தேடிய மரியாதை அந்த விகுதியிலேயே இருக்கிறது என்பதை நான் சுட்டிக்காட்டியபோது அவர் முகம் சற்றுத் தெளிந்தது.

இதைவிட நுட்பமானது ‘நம்ம’, ‘எங்க’ என்பவற்றின் வேறுபாடு. கேட்பவரையும் உளப்படுத்துவது ‘நாம்’. கேட்பவரை விலக்கி நிற்பது ‘நாங்கள்’. ஆனால் வினைமுற்றில் இவ்வேறுபாடு இல்லை. இரண்டுக்கும் ‘தர்றோம்’ என்பதே முடிபு. எனவே யார் உள்ளே, யார் வெளியே என்பதைப் பெயர்ச்சொல் ஒன்றே காட்டவேண்டும். மாணவியின் திருத்தத்தில் ஓரிடத்தில் ‘நம்ம செஞ்சு தர்றோம்’ என்று இருந்தது. நெருக்கம் காட்ட எழுதியது அது. கேட்பவரும் சேர்ந்து இழைப்புளி பிடிக்கவேண்டும் என்பதுபோல் பொருள் தந்தது. ‘நம்ம புளோக்கு’, ‘நம்ம மார்க்கெட்டு’ என்று இடத்தைச் சொல்லும்போது கேட்பவரைச் சேர்த்துக்கொள்ளலாம். உழைப்பையும் பொறுப்பையும் சொல்லும்போது ‘நாங்க’ என்றே சொல்லவேண்டும்; அல்லது பெயர்ச்சொல்லே இல்லாமல் ‘தர்றோம்’ என்று நிறுத்திவிடலாம்.

பொருளுக்கு எந்தப் பெயர்?

‘அறைகலன்’ நல்ல சொல். அறையில் இருக்கும் கலன் என்று பொருள் விளங்க ஆக்கப்பட்டது. அச்சில் நிலைத்தும் விட்டது. ஆனால் காதுக்கு அது இன்னும் பழகவில்லை. ‘பர்னிச்சர்’ என்று போட்டுவிடலாமே என்றார் பட்டறைக்காரர். எனக்கு மூன்றாவது வழி ஒன்று தோன்றியது. வீட்டில் எவருக்கும் ‘அறைகலன்’ தேவைப்படுவதில்லை. கட்டில் தேவைப்படுகிறது, அலமாரி தேவைப்படுகிறது. பேச்சு எப்போதும் தொகுதிப் பெயரை விட்டு உறுப்பின் பெயரைச் சொல்கிறது. ஆகவே தொகுதிப் பெயரையே விட்டுவிட்டு ‘சோபா, கட்டில், அலமாரி’ என்று எண்ணிச் சொன்னோம். அங்கே மொழிச் சிக்கலும் எழவில்லை.

அந்த மூன்றில் ‘கட்டில்’ பழந்தமிழ்ச் சொல். ‘அலமாரி’ போர்த்துகீசியர் வழியாகத் தமிழுக்கு வந்தது, ‘மேசை’யும் அப்படியே. மலாய்மொழியிலும் ‘அல்மாரி’, ‘மேஜா’ என இவற்றின் உறவுச் சொற்கள் வழங்குகின்றன. ‘சோபா’ அண்மைக் காலத்து வரவு. சொல் எங்கிருந்து வந்தது என்பதை விளம்பரம் கேட்பதில்லை. எந்தச் சொல் சொன்னால் பொருள் கண்முன் நிற்கும் என்பதையே கேட்கிறது. இதே காரணத்தால் ‘மின்தூக்கி’ என்பதற்குப் பதிலாக ‘லிஃப்ட்’ வந்தது. புளோக்கின் அறிவிப்புப் பலகையில் ‘மின்தூக்கி’ என்று படிப்பவர்களும், கட்டில் உள்ளே போகாமல் நின்றபோது ‘லிஃப்ட்’ என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

முடிந்த வடிவம்

இத்தனைக்கும் பிறகு அமைந்த வாசகம் இது. பட்டறையின் பெயரையும் புளோக் எண்ணையும் இங்கே விட்டுவிடுகிறேன்.

இளையவர்: அக்கா, சோபா புதுசா?

மூத்தவர்: பழசுதாம்மா. துணியும் குஷனும் மாத்துனோம். மார்க்கெட்டுக்கு எதிர்த்தாப்ல பட்டறை இருக்குல்ல, அங்கதான்.

இளையவர்: எங்க கட்டில் லிஃப்ட்டுக்குள்ளயே போகலக்கா!

மூத்தவர்: அவங்க வீட்டுக்கே வந்து அளவெடுப்பாங்க. தனித்தனியா கொண்டாந்து உள்ள வச்சு மாட்டிக் குடுப்பாங்க.

பட்டறைக்காரர்: சோபா, கட்டில், அலமாரி. அளவெடுத்துச் செஞ்சு தர்றோம். பழசையும் சரிபண்ணித் தர்றோம். (பட்டறையின் பெயர்.) மார்க்கெட்டுக்கு எதிர்த்தாப்ல, (புளோக் எண்).

பெயருக்கு 6 அசையும் புளோக் எண்ணுக்கு 8 அசையும் வைத்துக்கொண்டால் மொத்தம் 133 அசை; ஏறத்தாழ 27 வினாடி. இடைவெளிகளுக்கு மூன்று வினாடி மிஞ்சுகிறது. முதல் வாசகம் பெயரும் முகவரியும் சேராமல் 106 அசைதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பேச்சுத் தமிழ் எப்போதும் சுருக்கமானது என்று நான் வாதிடவில்லை. இங்கே மிச்சமான அசைகள் இன்னொரு வேலைக்குச் செலவாயின: பழைய சோபாவும் லிஃப்ட்டில் போகாத கட்டிலும் கேட்பவரின் சொந்தச் சிக்கலை அவருக்கே நினைவூட்டுகின்றன.

இரண்டு செய்திகளை விடவேண்டியிருந்தது. ஒன்று, ஓராண்டு உத்தரவாதம். ‘ஓராண்டு உத்தரவாதம்’ என்பது எழுத்தில் 8 அசை. அதையே பேச்சில் சொல்வதானால் ‘ஒரு வருஷத்துக்குள்ள ஏதாவது ஆச்சுன்னா நாங்களே வந்து சரிபண்ணித் தர்றோம்’ என்று 26 அசை ஆகிறது. அதைச் சேர்த்தால் இடைவெளியே இல்லாமல் பேசினாலும் 30 வினாடியைத் தாண்டிவிடும். எழுத்து வடிவத்தைச் சேர்த்தாலோ உரையாடலின் நடுவே அலுவலகக் குரல் ஒன்று நுழைந்ததுபோல் ஆகும். உத்தரவாதம் கடையில் நேரில் பேசவேண்டியது, ரசீதில் எழுதித் தரவேண்டியது என்று முடிவுசெய்தோம்.

மற்றொன்று தொலைபேசி எண். எட்டு இலக்கம் என்றால் குறைந்தது 16 அசை. கையில் எழுதுகோல் இல்லாதவரிடம் அது தங்காது. குழாய் ஓடும் இரைச்சலில் ‘ஒண்ணு’ என்பதும் ‘மூணு’ என்பதும் நெருங்கி ஒலிக்கும். இடம் அப்படியன்று. சந்தை எங்கே இருக்கிறது என்பது பேட்டைவாசிகளுக்கு முன்பே தெரியும். புதிதாக நினைவில் வைக்கவேண்டியது ‘எதிர்த்தாப்ல’ என்ற ஒரு சொல் மட்டுமே. அதையும் இரண்டு வெவ்வேறு குரல்களில் இருமுறை சொல்லியிருக்கிறோம்.

பிறகு முதல் நாள் செய்த அதே சோதனையைச் செய்தோம். வாசகத்தை அறியாத ஒருவர் வேறு வேலையில் இருக்கும்போது ஒரே ஒருமுறை வாசிக்கவேண்டும். பிறகு, அது என்ன கடை, எங்கே இருக்கிறது, அங்கே உங்களுக்கு என்ன வேலை என்று மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். மூன்றுக்கும் விடை வந்தால் வாசகம் தேறியது. முதல் இரண்டு வந்து மூன்றாவது வரவில்லை என்றால், கேட்பவரின் சிக்கல் வாசகத்தில் இல்லை என்று பொருள். முதலாவதே வரவில்லை என்றால் வினைமுற்றுகள் தொலைவில் இருக்கின்றன அல்லது பொருளின் பெயர் காதுக்குப் பழகாதது.

வானொலியில் ஒலித்தது இந்த வடிவமே. பட்டறையின் முகப்பிலும் ரசீதிலும் ‘அறைகலன்’ என்ற சொல்லே இருக்கவேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன். நின்று படிக்கும் கண்ணுக்கு அது உரியது. எழுத்துத் தமிழின் மரியாதைக்கு அங்கே குறைவில்லை. 1959இல் சார்ல்ஸ் ஃபெர்குசன் இரட்டை வழக்கைப் பற்றி எழுதியபோது சுட்டிய முதன்மையான பண்பும் இதுவே: இரு வழக்குகளும் வெவ்வேறு பணிகளைப் பங்கிட்டுக்கொள்கின்றன, ஒன்றன் இடத்தில் மற்றொன்று வரும்போது கேட்பவருக்கு அது பொருந்தாமல் படுகிறது. அப்பங்கீட்டைப் பிழையாகப் புரிந்துகொண்டதால்தான், பிழையற்ற ஒரு வாசகம் திறப்பு விழா அறிவிப்பாகக் கேட்டது.

சோதனை நாளன்று அந்த அம்மையார் துணி மடித்துக்கொண்டிருந்தார். வாசித்து முடித்ததும் நான் கேள்வி கேட்பதற்குள் அவரே பேசிவிட்டார்: “கட்டில் போகலன்னா கழட்டித்தானே கொண்டுபோகணும். எம்பையன்கிட்ட சொன்னா அவனே வந்து செஞ்சு குடுப்பானே!” தம் மகனின் விளம்பரத்தைத்தான் கேட்கிறோம் என்பது அவருக்கு அப்போதும் தெரியாது.